வீட்ல ஏற்கனவே பூனை இருக்கும்போது இன்னொரு பூனைய எப்படி சேக்கறது

புதுப் பூனைய கூடையோட கொண்டுவந்து நடு ஹால்ல திறந்து விட்டுட்டு, ரெண்டு நாள் அடிச்சிக்கும் அப்புறம் அதுவே சரியாயிடும்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. சில வீட்ல அப்படி சரியாகவும் செய்யுது, ஆனா முதல் நாளே நல்லா ஒரு சண்டை விழுந்துடுச்சுன்னா அந்தப் பயத்த ரெண்டு பூனையும் லேசுல மறக்காது, அப்புறம் மாசக்கணக்குல நீங்கதான் நடுவுல நிக்கணும். பூனைக்கு வீடுங்கறதே வாசனைதான். சோபா முனையில, கதவு ஓரத்துல கன்னத்தத் தேய்ச்சு தேய்ச்சு வெச்சிருக்கே, அதுதான் அதோட பட்டா. அதனால முதல்ல வாசனை பழகணும், அப்புறம் உருவம், கடைசியாதான் நேர்ல பாக்கறது.

எங்க அக்கா வீட்ல நடந்தத வெச்சே சொல்றேன். மதுரைல ரெண்டு பெட்ரூம் வீடு. மினின்னு அஞ்சு வயசு பொண்ணு பூனை, ஆபரேஷன் பண்ணினது. புதுசா வந்தது கார் பார்க்கிங்ல கிடைச்ச நாலு மாச ஆண்குட்டி, பேரு கருப்பன்.

ஸ்டெப் 1: தனி ரூம், கூடவே டாக்டர்

புதுசா வர்ற பூனைக்கு கதவு மூடற மாதிரி ஒரு ரூம் வேணும். சின்ன பெட்ரூம் போதும், பாத்ரூம் கூட ஓகே. அதுக்குள்ள தனியா மணல் தட்டு, தண்ணி, சாப்பாட்டுத் தட்டு, ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி. சாப்பாடும் மணல் தட்டும் பக்கத்து பக்கத்துல வேண்டாம், ரூமோட ரெண்டு மூலைல வைங்க.

இந்தத் தனி ரூம் நோய்க்காகவும்தான். தெருவுல எடுத்த குட்டிங்க கிட்ட பான்லூக்கோபீனியா இருக்கலாம், பூனை பார்வோன்னு சொல்வாங்களே அது. குட்டிகள ரொம்ப வேகமா கொண்டுபோயிடும், அந்த வைரஸ் வீட்டுத் தரையிலயும் துணியிலயும் மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். அதனால பழைய பூனைக்கு தடுப்பூசி பாக்கி இருந்தா குட்டி வர்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. குட்டிக்கு குடல்புழு மருந்து, தெள்ளுக்கு மருந்து, தடுப்பூசி, அதோட பூனை லுக்கீமியா, பூனை எய்ட்ஸ் ரெண்டுக்கும் ரத்த டெஸ்ட். ரெண்டு வாரமாவது தனியா இருக்கட்டும், குட்டி ரூமுக்குள்ள போயிட்டு வந்தா கைய சோப்பு போட்டு கழுவிட்டு மினிய தொடுங்க.

ஸ்டெப் 2: வாசனைய மாத்தறது

டாக்டர் பிரச்சினை ஒண்ணும் இல்லன்னு சொன்னதும் இத ஆரம்பிக்கலாம். துவைச்ச காட்டன் துணி ரெண்டு எடுத்துக்கோங்க. ஒண்ண கருப்பன் கன்னத்துலயும் தாடைக்கு கீழயும் மெதுவா தேய்ச்சு, மினி சாப்பிடற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. மினியோட துணி கருப்பன் ரூமுக்கு. மினி படுக்கற இடத்துல மட்டும் போடாதீங்க, அது அவளோட ஒரே நிம்மதியான இடம். அக்கா போட்ட துணியப் பாத்து மினி முதல்ல சீறிட்டு தள்ளிப் போயிட்டா. அப்படின்னா இன்னும் தூரமா போட்டு, பக்கத்துல ரெண்டு துண்டு அவிச்ச சிக்கன் வைங்க, அவ்ளோதான். துணிய மோந்து பாத்துட்டு கண்டுக்காம சாப்பிடப் போனாதான் அடுத்த கட்டம்.

அடுத்து இடத்தையே மாத்துங்க. கருப்பன வேற ரூம்ல அடைச்சிட்டு மினிய அவன் ரூமுக்குள்ள விட்டு கதவ மூடுங்க, அரைமணி நேரம் அவ அங்க சுத்தட்டும், அப்புறம் அவன வெளிய விடுங்க, அதே நேரம் அவன் வீட்ட சுத்திப் பாக்கட்டும். ரெண்டும் நேருக்கு நேர் பாத்துக்கவே கூடாது.

ஸ்டெப் 3: கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு

எனக்கு கேட்டா இதுதான் மொத்த விஷயத்துலயும் முக்கியமான கட்டம். மூடின கதவுக்கு அந்தப் பக்கம் அவன் தட்டு, இந்தப் பக்கம் இவ தட்டு, ரெண்டும் கதவுல இருந்து ஆறடி தள்ளி. நிம்மதியா சாப்பிட்டு முடிச்சா அடுத்த வேளை அரையடி கிட்ட நகர்த்துங்க. எத்தன நாள் ஆச்சுன்னு காலண்டர பாக்காதீங்க, தட்டு எங்க இருக்குன்னு பாருங்க.

நிம்மதின்னா எப்படித் தெரியும்? காது சாதாரணமா முன்னாடி பாத்து இருக்கும், வாய்க்கு வாய் நிறுத்தி மெல்லும், முடிச்சிட்டு அங்கயே உக்காந்து நக்கிக்கும். அவக் அவக்னு முழுங்கிட்டு ஓடினாலோ, தட்டுல வாய் வெச்சிக்கிட்டே கதவு இடுக்கையே முறைச்சாலோ ரொம்ப கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம், ஒரு அடி பின்னாடி போங்க. மினி நாலடில மாட்டிக்கிட்டா, அதுக்கு மேல வரவே மாட்டேன்னுட்டா. அக்கா அந்த நாலடியிலயே தட்ட விட்டுட்டு, உலர் தீனிக்கு பதிலா அவளுக்குப் பிடிச்ச மத்தி மீன கதவுகிட்ட மட்டும் குடுத்தா, வேற எங்கயும் அது கிடையாதுன்னு ஆனதும் தானா நகர்ந்து வந்தா. எந்தப் பூனையாவது ஒரு நாள் முழுக்க சாப்பிடலன்னா மட்டும் பிடிவாதம்னு விடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க, பூனைக்கு பட்டினி ஈரல பாதிக்கும்.

ஸ்டெப் 4: வலைக்கு அந்தப் பக்கம்

நம்ம ஊர் வீட்ல கொசுவலைக் கதவு இருக்கறது இதுக்கு ரொம்ப வசதி, ஸ்டீல் வலையா இருக்கணும், நைலான் வலைய ஒரே கீறல்ல கிழிச்சிடும். முதல்ல வலை மேல பெட்ஷீட்ட முழுசா தொங்கவிட்டு, சாப்பாடு நேரத்துல மட்டும் கீழ்ப்பக்கம் ஒரு சாண் தூக்குங்க. தட்டுகள திரும்பவும் தூரமா வெச்சுதான் ஆரம்பிக்கணும், ஏன்னா கண்ணால பாக்கறது புது விஷயம். சாப்பாடு முடிஞ்சதும் பெட்ஷீட்ட இறக்கிடுங்க.

ஸ்டெப் 5: நேர்ல

குட்டிய முதல்ல கயிறு கட்டின பொம்மையோட ஓட விட்டு களைப்பாக்குங்க, துள்ளிக்கிட்டு இருக்கற குட்டிய பெரிய பூனைக்கு சுத்தமா பிடிக்காது. வீட்ல ரெண்டு பேர் இருக்கணும், ஆளுக்கு ஒரு பூனை. அஞ்சு நிமிஷம் போதும், நல்லா போயிட்டு இருக்கும்போதே பிரிச்சிடுங்க.

சீறறது, நகம் நீட்டாம ஒரு தட்டு தட்டறது, இதெல்லாம் பரவால்ல, கிட்ட வராதன்னு சொல்ற பேச்சு அது. கருப்பன் மினி மூஞ்சிகிட்ட போனப்ப பளார்னு ஒண்ணு விட்டா, அவன் ரெண்டடி பின்னாடி போய் உக்காந்துட்டான், அதோட முடிஞ்சுது. பயப்பட வேண்டியது சத்தமே இல்லாத முறைப்பு: உடம்பு விறைச்சு, காது பின்னாடி ஒட்டி, வால் மட்டும் படார் படார்னு அடிக்கும். அப்ப நடுவுல ஒரு பெரிய அட்டைய இறக்கி மறைச்சிடுங்க. கைய மட்டும் விடாதீங்க, அந்தக் கோவத்துல யாருன்னு பாக்காம கடிச்சிடும், பூனைக்கடி சீக்கிரம் சீழ் பிடிக்கும், ரேபிஸ் ஊசிக்கும் ஓடணும். நிஜமாவே சண்டை விழுந்துட்டா திரும்ப ஸ்டெப் 3.

ஸ்டெப் 6: தனியா விடறது

பிரச்சினை இல்லாம பல தடவை சேந்து இருந்தாதான் ஆள் இல்லாதப்ப ஒண்ணா விடலாம். ரெண்டு பூனைக்கு மூணு மணல் தட்டு, அதுவும் வேற வேற இடத்துல. வரிசையா வெச்சா குட்டி வழில உக்காந்துக்கிட்டு மூணையும் மறிச்சிடுவான், அப்புறம் மினி மெத்தைல போயிடுவா. சண்டையே இல்லாம இப்படி சத்தமில்லாம மறிக்கறத நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. மணல் தட்டுக்கு அடிக்கடி போய் முக்கிட்டு ஒண்ணும் வராம திரும்பினா, முக்கியமா ஆண் பூனையா இருந்தா, அது எமர்ஜென்சி, உடனே டாக்டர்.

இன்னொரு விஷயம். கருப்பனுக்கு ஆபரேஷன் முடிஞ்சு வந்த அன்னிக்கு, அதுவரைக்கும் நல்லா இருந்த மினி அவனப் பாத்து புதுசு மாதிரி சீறினா, ஏன்னா அவன் மேல அடிச்சது ஆஸ்பத்திரி வாசனை. ராத்திரி முழுக்க அவன பழைய ரூம்ல வெச்சு, அவன் படுத்த பழைய துணிய கூடவே போட்டு, மறுநாள் வலை வழியா ஒரு வேளை சாப்பாடு குடுத்துட்டு விட்டாங்க. இனிமே எந்தப் பூனை டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாலும் இதையே செய்யுங்க.