ஆறு நிமிடப் பேச்சு மூன்றான கதை

டொரொண்டோவில் அக்காவின் ரிசெப்ஷன். வாழ்த்துரைக்கு எனக்கு மூன்று நிமிடம். எழுதியதைக் கைபேசியில் பதிந்து பார்த்தால் ஆறு நிமிடம்! நான்கு கதைகள், இரண்டு எங்கள் வீட்டாருக்கு மட்டுமே புரியும். மூன்றை வெட்டினேன், மனமில்லாமல்தான்.

மிஞ்சியது சாக்லேட் கதை. அக்கா அடிமட்டம் வைத்து அளந்து, சரிபாதியாக வெட்டுவார். அப்புறம் தன் பாதியில் ஒரு துண்டை உடைத்து என் கையில் வைப்பார்.

மறுபடி பதிந்தேன்: இரண்டே கால் நிமிடம். மிச்சம் சிரிப்புக்கு. சிரிப்பு அடங்குமுன் பேசினால் அடுத்த வரி யாருக்கும் கேட்காது.

கடைசி வரியை மனப்பாடம் செய்து, மாப்பிள்ளையைப் பார்த்தே சொன்னேன்: “அத்தான், இனி அந்தத் துண்டு உங்களுக்கு. அடிமட்டம் இதோ!” அக்கா அழுதுகொண்டே சிரித்தார். எல்லோரும் கிளாஸை உயர்த்தினோம்.