சக ஆதரவுப் பணியாளரைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில், புதிதாகச் சக ஆதரவுப் பணியாளர்களைச் சேர்க்கப் போகும் ஒரு மனநலச் சேவையின் திட்டக் கோப்பைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். நல்ல மனதோடு எழுதிய கோப்பு. ஆனால் பணி விவரம் என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு வரிதான் இருந்தது: "நோயாளிகளுக்கு ஆதரவளித்தல், குழு ஒப்படைக்கும் பிற பணிகள்." நாங்கள் தொடங்கிய காலத்திலும் இதே வரிதான் எழுதியிருந்தோம். புதிதாக இறங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் அதையே எழுதுவதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மனநோயைத் தானே அனுபவித்தவர், அதிலிருந்து மீண்டவர் அல்லது மீண்டுகொண்டிருப்பவர், அதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்குத் துணையாக இருப்பதையே வேலையாகச் செய்தால் அவர்தான் சக ஆதரவுப் பணியாளர். அவரை மரியாதையாக நடத்த வேண்டும், உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பணியை எழுதாமல் ஆளை எடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். "ஆள் வரட்டும், போகப் போகத் தெரியும்" என்பார்கள். போகப் போகத் தெரியவருவது என்னவென்றால், குழுவில் யாருக்கு எந்த வேலைக்கு ஆள் குறைகிறதோ அந்த வேலை இவர் தலையில் வந்து விழும். ஸ்கேனுக்குக் கூட்டிப் போவது, கோப்பு அடுக்குவது, காத்திருப்பவர்களை வரிசைப்படுத்துவது. இவை நேரத்தைத்தான் தின்கின்றன. இவற்றைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அது உதவி கேட்பது போலவே வரும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

நான் பார்த்த ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இளைஞர் மாலை மாத்திரையைப் போடாமல் விட்டுக்கொண்டிருந்தார் என்று செவிலியருக்குச் சந்தேகம். குழுக் கூட்டத்தில் சக பணியாளரான பெண்ணிடம் சொன்னார்: "உங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசறார். மாத்திரை போடறாரான்னு பேச்சோட பேச்சா கேட்டுச் சொல்லுங்களேன்." அந்தப் பெண் கேட்டார். இளைஞரும் ஒளிக்காமல் சொன்னார். மாத்திரை போட்டால் காலையில் பத்து மணி வரை தலை தூக்க முடியவில்லை, வேலைக்குத் தாமதமாகிறது, அதனால் வேலைநாட்களில் விட்டுவிடுகிறேன் என்று. பெண் அதைக் குழுவில் சொன்னார். அடுத்த சந்திப்பில் மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே, "மாத்திரையை நிறுத்திட்டீங்களாமே" என்று தொடங்கி, மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாறலாம் என்றார். யார் சொல்லியிருப்பார்கள் என்று இளைஞருக்குத் தெரியாதா? அதன் பிறகு அவர் அந்தப் பெண்ணிடமும் வரவில்லை, மருத்துவரிடமும் வரவில்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. செவிலியர் கவலையில் கேட்டார். பெண், புதிதாகச் சேர்ந்தவர், குழு கேட்டதைச் செய்தார். இளைஞர் நம்பிச் சொன்னது காலை மயக்கத்தைப் பற்றி. மருத்துவர் காதுக்குப் போனபோது அது 'மருந்தை நிறுத்திவிட்டார்' என்று ஆகியிருந்தது. எளிதாகத் தீர்த்திருக்கக்கூடிய பிரச்சினையை மருத்துவர் கேட்கவே இல்லை.

பணி ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் இது எப்படிப் போயிருக்கும்? செவிலியர் கேட்டதும், "மாத்திரை போடுகிறாரா என்று பார்ப்பது என் வேலையில் இல்லை, நீங்களே அவரிடம் நேராகக் கேளுங்கள்" என்று அந்தப் பெண் தயங்காமல் சொல்லியிருக்கலாம். சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது என்று செவிலியருக்கும் தெரிந்திருக்கும். ஒருநாள் இளைஞராகவே அதைச் சொன்னால், "எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, மருத்துவரிடம் சொல்லப் பயந்தேன்" என்று தன் கதையில் அந்த அளவை மட்டும் சொல்லிவிட்டு, "இதை நீங்களே அவரிடம் சொல்ல முடியுமா? நான் பக்கத்தில் உட்காரட்டுமா?" என்று கேட்டிருப்பார். இருவரும் சேர்ந்து ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்: எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறேன், காலையில் என்ன ஆகிறது, எத்தனை மணிக்கு வேலை. அதைப் பார்க்கும் மருத்துவர் முதலில் யோசிப்பது மாத்திரை நேரத்தை முன்னால் தள்ளுவதையோ, அளவைக் குறைப்பதையோ, வேறு மருந்துக்கு மாற்றுவதையோதான்.

அப்படியானால் எதையுமே குழுவிடம் சொல்லக் கூடாதா என்று கேட்பார்கள். சொல்ல வேண்டியவை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் திட்டமாக மாறியிருந்தால், இன்னொருவருக்கு ஆபத்து இருந்தால், ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால், காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும். முடிந்தவரை, சொல்லப் போகிறேன் என்று அவரிடமே முதலில் சொல்லிவிட்டு. இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே பேச வேண்டும்: "நாம் பேசுவது நமக்குள். உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றோ, ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்றோ தெரிந்தால் மட்டும் குழுவிடம் சொல்வேன், முடிந்தவரை உங்களிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்." சேவையின் விதியில் இதற்கு மேலும் எதையாவது பகிர்ந்தே ஆக வேண்டும் என்றிருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஆபத்து வந்த பிறகு விதியைச் சொன்னால் ஏமாற்றியது போல ஆகும்.

இதை எழுத அரை நாள் போதும். விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் எல்லோரும் உட்கார வேண்டும். ஏற்கெனவே இந்த வேலை செய்பவர் ஒருவரையும் வெளியிலிருந்து அழைத்துக்கொள்ளுங்கள். 'ஆதரவளித்தல்' போன்ற பெரிய சொற்களை விட்டுவிட்டு, அன்றாடம் நடப்பதை ஒவ்வொன்றாக எடுங்கள். மாத்திரை போடவில்லை என்கிறார். போன் நம்பர் கேட்கிறார். கடன் கேட்கிறார். வார்டில் ஒருவரைப் பிடித்து ஊசி போட ஆள் தேவைப்படுகிறது. பணியாளர் எழுத வேண்டிய குறிப்பில் எவ்வளவு எழுதுவது? ஒவ்வொன்றுக்கும் இவர் என்ன செய்வார், என்ன செய்ய மாட்டார், அந்த இடத்தில் வேறு யார் வருவார் என்று எழுதுங்கள். சிலவற்றில் பேரமே கூடாது. ஒருவரைப் பிடித்து வைப்பதிலோ கட்டாய ஊசியிலோ சக பணியாளரின் கை படக் கூடாது. அதில் ஒருமுறை கை வைத்தவரிடம் அந்த வார்டில் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

எழுதியது நடைமுறையில் நிற்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. மூன்றாவது மாதத்தில் ஒரு வாரத்து டைரியை எடுங்கள். பாதி நேரத்துக்கு மேல் ஆட்களோடு உட்கார்ந்து பேசுவதிலும் அவர்களோடு வெளியே போவதிலும் குழு நடத்துவதிலும் போயிருக்க வேண்டும். பெரும்பகுதி ஸ்கேனுக்குக் கூட்டிப் போவதிலும் தாள் வேலையிலும் போயிருந்தால், உங்களிடம் இருப்பது மலிவான உதவியாளர், சக பணியாளர் இல்லை.

ஒருவரை மட்டும் நியமிப்பது

வேண்டாம். ஒரு குழுவுக்குக் குறைந்தது இரண்டு பேர்.

பயிற்சியை ஒரு பக்கம் மட்டும் கொடுப்பது

புதிதாக வருபவருக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அவரைச் சேர்த்துக்கொள்ளும் குழுவுக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்க மாட்டார்கள். பிறகு முதல் வாரமே ஓய்வறையில் யாராவது, "உங்களுக்கு என்ன டயக்னோசிஸ்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று சொல்லித் தர வேண்டியது குழுவுக்குத்தான். பணி எல்லையை எழுதிய தாளை வைத்துக்கொண்டே, ஆள் சேரும் முன்பு அந்தப் பயிற்சியை நடத்திவிடலாம்.

பணியாளரின் பயிற்சியில் நோய்களின் பட்டியலையும் மருந்துகளின் பெயர்களையும் நிரப்புவது இன்னொரு தவறு. அது அவரை அரைகுறைச் சிகிச்சையாளராக ஆக்கும். அதிக நேரம் கொடுக்க வேண்டியது தன் கதையைச் சொல்லும் பழக்கத்துக்கு. எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது, எந்தப் பகுதியை இன்னும் வெளியே எடுக்க முடியாது என்று தெரிந்துகொள்வது. இரண்டு பேராக உட்கார்ந்து பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டவரிடம் "இப்போது பேச்சு யாரைப் பற்றிப் போகிறது?" என்று கேளுங்கள். "அவரைப் பற்றி" என்றால் கதை நீண்டுவிட்டது என்று பொருள். அப்புறம் எல்லை வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். குழு கேட்பதை மறுத்துச் சொல்லவும் பழக வேண்டும். மேலே சொன்ன அந்தப் பெண்ணுக்கு இந்த ஒத்திகை நடந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

சம்பளத்துக்குப் பதில் 'ஊக்கத்தொகை'

அதே மணி நேரத்துக்கு, அதே பொறுப்புள்ள மற்ற ஊழியருக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே கொடுங்கள், விடுப்போடு சேர்த்து.

ஒன்று மட்டும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்குபவராக இருந்தால், சம்பளம் வந்ததும் அது நின்றுபோகலாம். அப்படி நின்றபின் வேலையில் தொடர முடியாமல் போனால் இரண்டும் கையில் இருக்காது. உத்தரவு கொடுப்பதற்கு முன்பே, விதி தெரிந்த ஒருவரோடு அவரை உட்காரவைத்துக் கணக்குப் போடுங்கள். பகுதிநேரமாகத் தொடங்குவது நல்லதா என்று அவரே முடிவு செய்யட்டும்.

சூப்பர்விஷனை உடல்நல விசாரணையாக ஆக்குவது

வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் சக ஆதரவுக்குப் பணம் கொடுக்க 2007-ல் அமெரிக்க மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன நிபந்தனைகளில் பயிற்சியும் சூப்பர்விஷனும் உண்டு. சூப்பர்விஷன், அதாவது பணியாளர் தன் வேலையைப் பற்றி மேற்பார்வையாளரோடு தவறாமல் உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரம், வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் கோளாறு.

குழுக் கூட்டத்தில் சக பணியாளர் ஒரு முடிவை எதிர்த்துப் பேசுகிறார். அடுத்த சூப்பர்விஷனில் முதல் கேள்வி: "இப்போ தூக்கமெல்லாம் சரியா இருக்கா? மாத்திரை எடுத்துக்கிறீங்களா?" வேறு எந்த ஊழியரிடமும் இப்படிக் கேட்க மாட்டோம். இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை அவர் எதிர்த்துப் பேச மாட்டார். அப்புறம் அவரைக் குழுவில் வைத்திருப்பதற்கே அர்த்தம் இல்லை.

விடுப்பு, நேரம், டைரி இவற்றைப் பார்க்க ஒரு மேலாளர் இருக்கட்டும். வேலையைப் பற்றிப் பேச வேறொருவர் வேண்டும். அவர் இதே வேலையைச் சில ஆண்டுகள் செய்தவராக இருந்தால் மிக நல்லது. உங்கள் சேவையில் அப்படி ஒருவர் இல்லையென்றால் வேறொரு சேவையிலிருந்து வீடியோ அழைப்பில் வரச் சொல்லி அதற்குப் பணம் கொடுங்கள். முதல் சில மாதங்கள் வாரம் ஒரு மணி நேரம், பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை. கேட்க வேண்டியவை: இந்த வாரம் யாரோடு பேசும்போது உங்கள் பழைய வலி எழுந்தது? எங்கே உங்கள் வேலையைத் தாண்டி ஏதாவது செய்யச் சொன்னார்கள்? என்ன சொல்லாமல் விட்டீர்கள்?

நோய் திரும்ப வந்தால் என்ன செய்வது என்பதைப் பணியாளரே, நன்றாக இருக்கும்போது, ஒரு பக்கத்தில் எழுதி வைக்கட்டும். என்ன அறிகுறி தெரிந்தால் அவரிடம் யார் வந்து பேசலாம், அவர் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு யார் சொல்வது, எத்தனை நாள் விடுப்பு. அந்தத் தாளில் இருப்பது வரட்டும், அதற்கு முன் யாரும் வேவு பார்க்க வேண்டாம்.

அவருடைய பழைய கோப்பு

அவர் உங்கள் சேவையிலேயே சிகிச்சை பெற்றவர் என்றால், அவருடைய சிகிச்சைக் குறிப்பு உங்கள் கணினியில் இருக்கும். நாளை அவரோடு ஒரே மேசையில் உட்காரப்போகிற செவிலியரால் அதைத் திறக்க முடியும். அவர் வேலைக்கு வரும் முதல் நாளுக்கு முன்பே அந்தக் கோப்பைப் பூட்டுங்கள். யார் திறந்தார்கள் என்ற பதிவை மாதம் ஒருமுறை பாருங்கள், அந்தப் பதிவை அவருக்கும் காட்டுங்கள். அவருக்குச் சிகிச்சை இன்னும் தொடர்கிறதென்றால், அதை வேறொரு குழுவுக்கு மாற்றிவிட்டுப் பணி உத்தரவில் கையெழுத்து வாங்குங்கள்.