ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லுக்கு சீலன்ட் போடுவது எப்படி?

குழந்தைக்கு ஆறு வயதானதும் வாயைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் பாருங்கள். பெரிய பல் ஒன்று எட்டிப் பார்க்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே பல பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல்; விழுந்தால் மறுபடி முளைக்காது. அதன் மேற்பரப்பிலுள்ள பள்ளங்கள் பிரஷ்ஷின் நார்கூட நுழையாத அளவுக்குக் குறுகலானவை. சீலன்ட் என்பது அவற்றை மூடும் மெல்லிய பிசின் பூச்சு. முதலில் மேலும் கீழும் இரு பக்கமும் இப்படி முளைக்கும் நான்கு பற்களுக்கும், பிறகு 12 வயதை ஒட்டி வரும் அடுத்த நான்கு கடைவாய்ப்பற்களுக்கும் போட வேண்டும். முன்பற்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

பெரம்பூரிலிருந்து ஆறரை வயதுச் சிறுமி ஒருத்தியை என்னிடம் அழைத்து வந்தார்கள். மேல் பற்கள் இரண்டும் முழுதாக வெளிவந்திருந்தன. முதலில் சொத்தை இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். பள்ளங்களைச் சுழலும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பஞ்சுச் சுருள் வைத்து எச்சிலைத் தடுத்தேன். நீல நிற அமில ஜெல்லை 20 விநாடி பூசிக் கழுவி, காற்றால் உலர்த்தினேன். அப்போது பல் சாக்பீஸ் போல மங்கிய வெண்மையாக மாற வேண்டும். பளபளப்பு மிச்சமிருந்தால் அங்கே பூச்சு ஒட்டாது.

வேலை கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அவள் ஒருமுறை நாக்கைத் திருப்பியதும் எச்சில் பட்டுவிட்டது. துடைத்துவிட்டுத் தொடர்ந்தால் சில மாதங்களிலேயே பூச்சு பெயர்ந்துவிடும். ஆகவே கழுவி, மறுபடி ஜெல் பூசி, மறுபடி உலர்த்தினேன். பிறகு பிசினைப் பள்ளங்களில் ஓடவிட்டு, நீல ஒளியில் 20 விநாடி இறுக வைத்தேன். கூர்முனைக் கருவியால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. ஊசி இல்லை, துளையிடல் இல்லை, வலியும் இல்லை.

கீழ்ப்பற்கள் இரண்டையும் பாதி ஈறு மூடியிருந்தது. அங்கே பல்லை உலர வைக்க முடியாது. அதனால் ஈரத்தை ஓரளவு தாங்கும் கிளாஸ் அயனோமரைத் தற்காலிகமாகப் பூசினேன். அது சீக்கிரம் தேயும் என்று தாயாரிடம் அப்போதே சொல்லிவிட்டேன்.

பிசின் சீலன்ட் நன்றாகப் பிடித்தால் பல ஆண்டுகள் நிற்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, அது கடைவாய்ப்பற்களின் சொத்தையில் 80 சதவீதத்தை இரண்டு ஆண்டுகளுக்கும், 50 சதவீதத்தை நான்கு ஆண்டுகள் வரைக்கும் தடுக்கிறது. பாதி பெயர்ந்த பூச்சின் ஓரத்தில் உணவு தங்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். பற்களுக்கு இடையே வரும் சொத்தையை இது தடுக்காது; ஃப்ளோரைடு பற்பசையால் இரு வேளை துலக்குவது தொடர வேண்டும்.

ஆறு மாதம் கழித்து அவள் வந்தபோது மேல் பற்களின் பூச்சு அப்படியே இருந்தது. கீழே கிளாஸ் அயனோமர் பெரும்பாலும் தேய்ந்திருந்தது, ஆனால் ஈறு முழுவதும் விலகியிருந்தது. அன்றே அந்த இரண்டுக்கும் பிசின் பூசிவிட்டேன்.