பைபோலார் நோயில் குடும்பங்கள் தவறும் இடங்கள்

காலையில் சிரித்துவிட்டு மாலையில் எரிந்து விழுபவரைப் பார்த்து, "இவருக்கு பைபோலார் இருக்கும்" என்று சொல்லும் வழக்கம் பரவிவிட்டது. ஒரே நாளில் ஏறி இறங்கும் மனநிலைக்குப் பெரும்பாலும் பசியோ, தூக்கக் குறைவோ, மேலதிகாரியின் ஏச்சோ காரணமாக இருக்கும்; காரணம் விலகினால் மனமும் தெளிந்துவிடும். பைபோலார் நோயில் அளவு மீறிய எழுச்சியும் மனச்சோர்வும் கட்டம் கட்டமாக வந்து போகும்; அந்தக் கட்டங்கள் அப்படிப்பட்டவை அல்ல. மேனியா எனப்படும் மிகையெழுச்சி குறைந்தது ஒரு வாரமாவது நீடிக்கும். மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்குக் குறையாது, பலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டுக்கும் நடுவே முற்றிலும் நலமாக இருக்கும் நீண்ட காலமும் பலருக்கு உண்டு. அந்த இடைக்காலம்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

எடுத்துக்காட்டாக, ஈரோட்டில் துணிக்கடை நடத்தும் 26 வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பத்து நாட்களாக அவர் இரவில் மூன்று மணி நேரமே தூங்குகிறார். ஆனாலும் களைப்பே இல்லை. நள்ளிரவில் மொத்த வியாபாரிகளைக் கைப்பேசியில் அழைக்கிறார். பேச்சில் இடைவெளி இல்லை. ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவுகிறார். வட்டிக்குக் கடன் வாங்கி மூன்று புதிய கடைகளுக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார். தடுத்த அண்ணனை அடிக்கப் பாய்கிறார். வீட்டிலோ, "பையனுக்கு இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது" என்று முதலில் மகிழ்கிறார்கள், பிறகு திமிர் என்று திட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது தூக்கத்தை. கவலையால் தூக்கம் கெட்டவர் மறுநாள் துவண்டு போவார். தூங்காமலேயே தெம்பு கூடிக்கொண்டு போனால், அன்றே மனநல மருத்துவரிடம் பேசுங்கள். மேனியாவில் இருப்பவருக்குத் தான் நோயுற்றிருப்பது பெரும்பாலும் தெரியாது. முன்பைவிடச் சிறப்பாக இருப்பதாகவே நம்புவார். அவரோடு வாதாடிப் பயனில்லை. ஏ.டி.எம். அட்டையையும் வண்டிச் சாவியையும் பத்திரப்படுத்துவது பயன் தரும்.

இரண்டு மாதம் கழித்து அதே இளைஞர் படுக்கையை விட்டு எழ மறுக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை, குளிக்கக்கூட மனமில்லை, தான் யாருக்கும் வேண்டாதவன் என்கிறார். இந்தக் கட்டத்தில்தான் பலர் முதன்முதலாக மருத்துவரிடம் போகிறார்கள். போனவர்கள் சோர்வை மட்டும் சொல்கிறார்கள். அந்தப் பத்து நாட்களைச் சொல்வதில்லை. மருத்துவரும் சாதாரண மனச்சோர்வு என்று எண்ணி அதற்கான மாத்திரையை மட்டும் தந்துவிடலாம். பைபோலார் உள்ள சிலரை அந்த மாத்திரை தனியாகக் கொடுக்கப்படும்போது மறுபடியும் மேனியாவுக்குத் தள்ளிவிடும். எனவே கடன், சண்டை, தூங்காத இரவுகள் எல்லாவற்றையும் கூடச் சென்றவர் கூச்சப்படாமல் சொல்லியாக வேண்டும். சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

என்னை மிகவும் வருத்தும் தவறு இதற்குப் பிறகு வருவது. லித்தியம் என்ற மனநிலை சீராக்கி மாத்திரையைத் தொடங்கி இளைஞர் தேறிவிடுகிறார். கடை நன்றாக நடக்கிறது. ஓராண்டு ஆனதும், "நல்லாத்தானே இருக்கிறான், இன்னும் எதற்கு மாத்திரை?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கல்யாணப் பேச்சு வந்துவிட்டால் மாத்திரை டப்பாவையே ஒளித்து வைப்பவர்களும் உண்டு. மனநிலை சீராக்கிகள் வந்த கட்டத்தைத் தணிப்பதோடு நிற்பதில்லை. அடுத்த கட்டம் வராமல் காப்பதே அவற்றின் பெரிய வேலை. அவர் நலமாக இருப்பது மாத்திரை அந்த வேலையைச் செய்வதால்தான். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மேனியா திரும்பும் ஆபத்து அதிகம். தற்கொலை ஆபத்தைக் குறைக்கும் அதன் பாதுகாப்பும் கூடவே போய்விடும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், மருத்துவர் மேற்பார்வையில் குறைந்தது நான்கு வாரங்கள், முடிந்தால் மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

லித்தியம் சாப்பிடுபவர் வெயில் காலத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவிடும். வயிற்றுப்போக்கு, உப்பைத் திடீரெனக் குறைக்கும் பத்தியம், தண்ணீரும் இல்லாத விரதம் எல்லாமே அதே விளைவைத் தரலாம். மருந்துக்கடையில் தானாக வாங்கும் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் இரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும். கை பெரிதாக நடுங்கினால், வாந்தியோ பேதியோ வந்தால், நாக்கு குழறினால், நடை தள்ளாடினால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரத்தத்தில் லித்தியம் பெரும்பாலானோருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அளவு சீரான பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை இதைப் பரிசோதிப்பார்கள். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளும் அவ்வப்போது உண்டு. கடைசி வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். ஆகவே பரிசோதனை நாளில் காலை மாத்திரையைக் கையோடு எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.