அம்பிசிலின்: பச்சிளம் பிள்ளைக்கு 12 மணித்தியாலமா, 8 மணித்தியாலமா?

குழந்தைகள் விடுதியில் புதிதாக வேலை தொடங்கியிருக்கும் டொக்டர்மாருக்கும் தாதியருக்கும் இதை எழுதுகிறேன். கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்பது எல்லாருக்கும் சீக்கிரம் பாடமாகிவிடும், தடுமாறுவது எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதில்தான்.

ஓர் உதாரணத்தோடு போவோம். பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் பிள்ளையோடு வருகிறா. "நேற்றிலிருந்து பால் குடிக்குதில்லை டொக்டர், உடம்பும் சில்லென்று கிடக்கு." பிறந்த எடை 1.8 கிலோ, இன்று 1.7. கிருமித்தொற்று என்று சந்தேகப்படுகிறோம். கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தாயிற்று, ஆனால் அதன் முடிவு வரும்வரை மருந்தை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

படி 1: நாளை எண்ணுங்கள்

பிள்ளை 3ஆம் திகதி இரவு பிறந்தது, இன்று 8ஆம் திகதி. தாய் "ஆறாம் நாள்" என்பா, ஏனென்றால் 31ஆம் நாள் துடக்குக் கழிக்கக் கணக்குப் பார்க்கிற நம்முடைய வீடுகளில் பிறந்த நாளே முதல் நாள். இங்கே நான் பயன்படுத்தும் கணக்கில் பிறந்த நாள் பூச்சியம், ஆகவே இன்று வயது 5 நாள். இன்றைக்கு இந்த ஒரு நாள் வித்தியாசம் எதையும் மாற்றாது, 7ஆம் 8ஆம் நாளில் மாற்றும். அதனால் வாயால் கேட்டதை எழுதாமல் பிறந்த திகதியைப் பார்த்து நீங்களே எண்ணுங்கள்.

படி 2: எடையைத் தீர்மானியுங்கள்

பிறந்த முதல் நாட்களில் பிள்ளை எடை குறைவது வழக்கம். பிறந்த எடையைத் திரும்பத் தொடும்வரை பிறந்த எடையையே கணக்குக்கு எடுப்பது பல விடுதிகளின் நடைமுறை. 1.8 × 50 = 90 மில்லிகிராம்.

படி 3: இடைவெளி

அம்பிசிலின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. பிறந்த புதிதில் சிறுநீரகம் மெதுவாகத்தான் வடிக்கும், குறைமாதப் பிள்ளையில் இன்னும் மெதுவாக, எனவே மருந்து உடம்பில் நெடுநேரம் நிற்கும். ஒரு வாரம் போனதும் வடிப்பு கூடிவிடும், பழைய அளவு போதாமல் போகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் முறையில் முதல் வாரம் 50, 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அதன்பின் 4 வாரம் வரை அதே 50, 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. எடை பார்த்துப் பிரிக்கும் அட்டவணையில் 2 கிலோவும் அதற்குக் கீழும் என்றால் 7 நாள் வரை 50, 12 மணித்தியாலத்துக்கு. 8 முதல் 28 நாள் வரை 75, 12 மணித்தியாலத்துக்கு. 2 கிலோவுக்கு மேல் என்றால் முதல் நாளிலிருந்தே 50, 8 மணித்தியாலத்துக்கு.

நம்முடைய பிள்ளைக்கு இன்று இரண்டும் ஒன்றுதான்: 90 மில்லிகிராம், 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 11ஆம் திகதி 8 நாளாகும்போது முதல் முறையில் 90 மூன்று தடவை, இரண்டாவதில் 135 இரண்டு தடவை, கூட்டிப் பாருங்கள், இரண்டும் நாளுக்கு 270. ஆபத்து எங்கே என்றால் 75ஐ ஒன்றிலிருந்தும் 8 மணித்தியாலத்தை மற்றதிலிருந்தும் எடுத்துக் கலப்பதில், அப்போது நாளுக்கு 405 ஆகிவிடும். உங்கள் விடுதியில் எழுதி வைத்திருப்பது எந்த முறையோ அதை மட்டும் கடைசிவரை பிடியுங்கள். 3 கிலோப் பிள்ளை என்றால் முதல் வாரத்தில் இரண்டு முறையும் ஒத்துப்போகாது, அங்கே கட்டாயம் உங்கள் கன்சல்டனைக் கேளுங்கள்.

நான் அதிகம் கண்ட பிழை இன்னொன்று. 5ஆம் நாள் எழுதிய கட்டளை 9ஆம் நாளும் அப்படியே ஓடும், ஒருவரும் பிள்ளையின் வயதைத் திரும்பப் பார்க்க மாட்டார்கள். கட்டளை எழுதும்போதே "11ஆம் திகதி அளவை மறுபடி பார்க்கவும்" என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

படி 4: கரைத்து ஏற்றுதல்

500 மில்லிகிராம் குப்பியில் உள்ள தூளே ஏறத்தாழ 0.4 மில்லிலீற்றர் இடம் பிடிக்கும். 4.6 மில்லிலீற்றர் ஊசிநீர் விட்டால் மொத்தம் 5 வரும், அதாவது 1 மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம். கம்பனிக்குக் கம்பனி இது கொஞ்சம் மாறும், லேபிளைப் பாருங்கள். 90 மில்லிகிராம் என்றால் 0.9 மில்லிலீற்றர். 1 மில்லிலீற்றர் சிறிஞ்சில் எடுங்கள், புள்ளிக்கு முன்னால் பூச்சியத்தை விடாமல் எழுதுங்கள், வெறும் .9 என்பது அவசரத்தில் 9 ஆகத் தெரியும்.

நாளத்தில் 3 முதல் 5 நிமிடம் வைத்து மெதுவாக ஏற்றுங்கள், வேகமாகத் தள்ளினால் வலிப்பு வரலாம். கரைத்ததை ஒரு மணித்தியாலத்துக்குள் பாவியுங்கள். கூடவே போகும் ஜென்ரமைசினை ஒரே சிறிஞ்சில் கலக்க வேண்டாம், அம்பிசிலின் அதைச் செயலிழக்கச் செய்யும். ஒன்றை ஏற்றி, குழாயைச் சேலைனால் கழுவி, அப்புறம் மற்றதை ஏற்றுங்கள்.

எங்கே இந்தக் கணக்கு நிற்கும்?

மூளைக்காய்ச்சல் சந்தேகம் வந்தால் மேலே சொன்ன அளவு போதாது, அதற்கு வேறு, கூடிய அளவு உண்டு. சிறுநீர் குறைந்தாலும் கட்டளையை அப்படியே தொடராமல் கன்சல்டனுக்குச் சொல்லுங்கள். கிளெப்சியெல்லா வளர்ந்ததாக ரிப்போர்ட் வந்தால் அம்பிசிலினுக்கு அது இயல்பிலேயே மசியாது, இடைவெளியை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை, மருந்தையே மாற்ற வேண்டும்.