வீட்டு லைட் மாற்றும்போது பலர் விடும் தவறுகள்: எல்ஈடி, ட்யூப் லைட், ஸ்மார்ட் பல்ப்

லைட் மாற்றப் போகிறோம் என்றதும் பலரும் நேரே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். போவதற்கு முன் வீட்டில் இருந்தபடியே ஒரு கணக்குப் போட வேண்டும். வீட்டில் எந்த லைட் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் எரிகிறது என்ற கணக்குத்தான் அது. பில்லில் எவ்வளவு குறையும் என்பதற்குப் பெட்டியில் போட்டிருக்கும் வாட் பாதிப் பதில்தான். மீதிப் பதில் இந்த மணித்தியாலக் கணக்கில் இருக்கிறது.

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு சாதாரண ஃப்ளாட்டை எடுத்துக்கொள்வோம். நாலு அடி ட்யூப் லைட் நாலு இருக்கிறது, எல்லாம் பழைய இரும்புச் சோக் வைத்தவை. ட்யூபில் 36 வாட் என்று எழுதியிருக்கும். ஆனால் சோக்கும் தன் பங்குக்குக் கரண்ட் தின்னும். இரண்டையும் சேர்த்தால் ஒரு லைட்டுக்குக் கிட்டத்தட்ட 45 வாட் வரும். ஹோல் லைட் ஆறு மணித்தியாலம், குசினி லைட் ஐந்து, இரண்டு அறை லைட்டும் மும்மூன்று என்று வைத்தால் ஒரு நாளைக்குப் பதினேழு மணித்தியாலம். ஆயிரம் வாட் ஒரு மணித்தியாலம் எரிந்தால் ஒரு யூனிட் என்பதால், மாசத்துக்கு ஏறக்குறைய 23 யூனிட் ஆகிறது. அதே நாலு இடத்திலும் 18 வாட் எல்ஈடி ட்யூப் போட்டால் 9 யூனிட்தான். மிச்சம் 14 யூனிட்.

14 யூனிட் சின்னதாகத் தெரியலாம். ஆனால் எங்கள் கட்டணம் படிப்படியாக ஏறுவது. வீட்டுப் பாவனைக்கு 60, 90, 120, 180 என்று எல்லைகள் இருக்கின்றன. மேலே போகப் போக யூனிட் விலையும் கூடும், மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். இந்த வீட்டின் பில் 98 யூனிட் என்றால் 84க்கு இறங்கிவிடும். மிச்சமாகும் யூனிட் எல்லாம் மேலே உள்ள விலையுயர்ந்த யூனிட்டுகள். அதோடு 90 என்ற எல்லையைத் தாண்டிக் கீழே வருவதால் நிலையான கட்டணமும் குறைகிறது. 60ஐ ஒட்டிய வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். 60க்குள் நின்றால் ஒரு கட்டண அட்டவணை, தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறொன்று. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணத்தை அடிக்கடி திருத்துவதால் ரூபாய்க் கணக்கை உங்கள் கடைசிப் பில்லை வைத்துப் போடுங்கள். பில்லில் உங்கள் கடைசி யூனிட் எந்தப் படியில் விழுந்திருக்கிறதோ அந்த விலையால் பெருக்க வேண்டும், மிச்சம் அந்தப் படியைத் தாண்டிக் கீழே போனால் மீதி யூனிட்டுகளைக் கீழ்ப்படியின் விலையால் பெருக்க வேண்டும். மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்துச் சராசரி விலை பார்ப்பவர்களுக்கு மிச்சம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

எல்லா லைட்டையும் ஒரே நாளில் மாற்றுவதும் தவறுதான். ஸ்டோர் ரூமில் ஒரு பழைய ட்யூப் நாளுக்குக் கால் மணித்தியாலம் எரிந்தால் மாசத்துக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. அதை மாற்றப் போடும் காசு திரும்பி வரப் பல வருஷம் எடுக்கும். அது போகும்வரை எரியட்டும். ஹோலும் குசினியும்தான் முதலில்.

வாட்டைப் பார்த்து வாங்குவது

ஹோலில் இருந்த ட்யூபைக் கழற்றிவிட்டு ஒரு 9 வாட் எல்ஈடி பல்ப் மாட்டி, "வெளிச்சம் காணாது" என்று குறைப்படுபவர்கள் நிறையப் பேர். பார்க்க வேண்டியது வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமன் என்ற எண்ணை. 36 வாட் ட்யூப் புதிதாக இருக்கும்போது 2500 லூமனுக்கு மேல் தரும். 9 வாட் பல்ப் தருவது 800, 900தான். அப்புறம் பிள்ளை படிக்கும் மேசைக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று என்று வாங்கிக் கடைசியில் மூன்று பல்ப் எரியும். நீட்டு அறைக்கு எல்ஈடி ட்யூப்தான் சரி. அதன் லூமன் எண் பழைய ட்யூபைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் பழைய ட்யூப் நாலா பக்கமும் வெளிச்சத்தை விடும், பாதி சீலிங்கிலும் தூசி பிடித்த ஃபிட்டிங்கிலும் போய்விடும். எல்ஈடி ட்யூபின் வெளிச்சம் பெரும்பாலும் கீழேதான் விழும். பல்ப் பொருந்துவது படுக்கை அறை, நடை, குளியலறை மாதிரிச் சின்ன இடங்களுக்கு.

25,000 மணித்தியாலத்தை அப்படியே நம்புவது

"அண்ணா, இது இருபத்தையாயிரம் மணித்தியாலம் எரியும்" என்று கடையில் சொல்வார்கள், பெட்டியிலும் அப்படித்தான் இருக்கும். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் பதின்மூன்று வருஷத்துக்கு மேல். ஆனால் அந்த எண் பொதுவாகச் சொல்வது, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 வீதத்துக்கு இறங்க எவ்வளவு காலம் ஆகும் என்பதை. பல்ப் அவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்ற உறுதி அதில் இல்லை. பெட்டியின் இன்னொரு பக்கத்தில் வரண்டி ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று இருக்கும். வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது அந்த எண்ணைத்தான்.

எல்ஈடி பல்பில் முதலில் சாவது பெரும்பாலும் வெளிச்சம் தரும் சில்லு இல்லை. அடிப்பாகத்துக்குள் இருக்கும் டிரைவர் என்ற சின்ன சர்க்கிட் பலகைதான். அதில் உருளை மாதிரி ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றிப்போகும். சூடு 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கொழும்பில் வருஷம் முழுக்க வீட்டுக்குள்ளேயே 30 பாகையை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு மேல் பல்பைக் காற்றுப் போகாத கண்ணாடிக் கோப்பைக்குள் மாட்டினால், அல்லது சீலிங் பலகைக்குள் புதைத்தால், டிரைவர் வெந்துபோகும். பெட்டியில் மூடிய ஃபிட்டிங்குக்குப் போடலாம் என்று இல்லாவிட்டால் அங்கே மாட்டாதீர்கள், அல்லது கோப்பையைக் கழற்றிவிடுங்கள். ஒரு மணித்தியாலம் எரியவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த இடத்தில் எந்தப் பல்பும் சொன்ன காலத்துக்கு நிற்காது.

போன பல்பைத் தூக்கி எறியும் முன் அது எப்படிப் போனது என்று பார்ப்பது நல்லது. எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கொண்டிருந்தால் டிரைவர் கோளாறு, காரணம் பெரும்பாலும் சூடு. வெள்ளை மூடியைக் கழற்றினால் மஞ்சள் சில்லுகளில் ஒன்றில் மட்டும் கறுப்புப் புள்ளி தெரிந்தால், அந்த ஒன்று எரிந்துபோய் முழு வரிசையும் அணைந்திருக்கிறது. சில்லுகளை ஒன்றன் பின் ஒன்றாகத் தொடுத்திருப்பதால் ஒன்று போனால் எல்லாம் போகும். ஒரே ஹோல்டரில் திரும்பத் திரும்பப் போனால் பல்பைக் குறை சொல்லாதீர்கள், ஹோல்டருக்குள் இருக்கும் பின்னின் பிடி தளர்ந்து பொறி அடிக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கடலோர ஃப்ளாட்டுகளில் உப்புக்காற்றால் பின்னில் பச்சை பிடித்திருப்பதும் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் பல்ப் மங்கலாக ஒளிர்ந்தால் அதையும் காட்டிவிடுங்கள். சுவிட்சில் சின்னச் சிவப்பு விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் கரண்டாக இருக்கலாம், அதில் பயமில்லை. அது இல்லாவிட்டால் சுவிட்ச் நியூட்ரல் வயரில் போடப்பட்டிருக்கக் கூடும். அப்படியென்றால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கிறது, பல்ப் மாற்றப் போகும் ஆளுக்கு ஆபத்து.

இன்னொரு காரணம் இடி. மின்னல் கூடிய ஒக்டோபர், நவம்பர் மாலைகளிலும், கரண்ட் போய்த் திரும்பி வரும் அந்த நொடியிலும் வோல்ட் துள்ளும். கரண்ட் போனால் ஒரு லைட் சுவிட்சை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்து வையுங்கள்.

எல்ஈடி ட்யூபைப் பழைய ஃபிட்டிங்கில் அப்படியே மாட்டுவது

முதலில் ஃபிட்டிங்கில் ஸ்டார்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சுவிட்ச் போட்டதும் கண்சிமிட்டி எரிகிறது, பாரமான சோக் இருக்கிறது என்றால் அது இரும்புச் சோக். இந்த வகைக்குப் பொருந்தும் எல்ஈடி ட்யூபோடு ஒரு எல்ஈடி ஸ்டார்ட்டரும் பெட்டியில் வரும். பழையதைக் கழற்றி இதைப் போட வேண்டும். பழைய ஸ்டார்ட்டரையே விட்டால் எரியாது, அல்லது ட்யூப் பழுதாகலாம். ஸ்டார்ட்டர் இல்லாமல் சட்டென்று எரியும் வகை என்றால் உள்ளே எலக்ட்ரோனிக் சோக் இருக்கிறது. இந்த எல்ஈடி ட்யூபை அதோடு சேர்த்தால் மின்னும், அல்லது எரிந்துபோகும். அதில் சோக்கையே வயரிங்கிலிருந்து கழற்ற வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை அது. இரும்புச் சோக்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அது தின்னும் கொஞ்சக் கரண்டும் மிச்சம், ஆனால் அந்த மிச்சம் பெரிதில்லை.

பழைய ட்யூபின் இரு முனையும் கறுத்து, விடாமல் கண்சிமிட்டினால் அதை அப்படியே எரியவிடாதீர்கள். வெளிச்சம் தராமலேயே சோக் வழியாகக் கரண்ட் ஓடும், சோக் சூடேறும். கழற்றிய ட்யூபில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் பழைய பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள்.

ஸ்மார்ட் பல்ப் பில்லைக் குறைக்கும் என்று எல்லா அறைக்கும் வாங்குவது

ஸ்மார்ட் பல்பும் எல்ஈடிதான். எரியும்போது அதே 9 வாட்தான். ஆனால் அணைந்திருக்கும்போதும் வைஃபையைக் கேட்டுக்கொண்டிருக்க அரை வாட் அளவு தேவை. ஹோலில் ஐந்து மணித்தியாலம் எரியும் பல்புக்கு இது பெரிதில்லை. நாளுக்கு இருபது நிமிஷம் எரியும் குளியலறையில் போட்டால், வெளிச்சத்துக்கு 3 வாட் மணி, சும்மா இருப்பதற்கு 12 வாட் மணி. எரியும்போது போவதைப்போல நாலு மடங்கு கரண்ட் தூக்கத்தில் போகிறது. ஆறு பல்ப் வாங்கினால் மாசத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் இப்படிப் போகும். டிரைவரோடு ரேடியோச் சர்க்கிட்டும் அதே சூட்டில் இருப்பதால், அதன் ஆயுளையும் சாதாரண எல்ஈடியைவிட அதிகம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்மார்ட் பல்ப் உண்மையில் காசு மிச்சம் பிடிப்பது ஒரு இடத்தில்தான்: அணைக்க மறந்துவிடும் லைட். வாசல் லைட் விடியும்வரை எரிகிறது, பல்கனி லைட்டை யாரும் பார்ப்பதில்லை என்றால் அங்கே நேரம் வைத்து அணைக்கலாம். 9 வாட் பல்ப் இரவில் எட்டு மணித்தியாலம் வீணாக எரிவது மாசத்துக்கு 2 யூனிட்டுக்குச் சற்று மேல். அந்த அளவுக்குத்தான் மிச்சமும் வரும். வாங்கும்போது ரௌட்டரில் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை இயங்குகிறதா என்று பாருங்கள், பெரும்பாலான ஸ்மார்ட் பல்புக்கு அது வேண்டும். வீட்டில் அம்மம்மாவோ வேலைக்கு வருபவரோ சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால் பல்புக்குக் கரண்ட் இல்லை, போனில் எதுவும் வேலை செய்யாது. அப்புறம், கரண்ட் போய் இரவு இரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் பல வகைகள் முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். ஆப்பில் கரண்ட் திரும்பியதும் முன்பிருந்த நிலைக்கே போகச் சொல்லும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள்.

எந்த வகை வாங்கினாலும் மாட்டும் நாளில் அடிப்பாகத்தில் மார்க்கர் பேனாவால் திகதியை எழுதிவிடுங்கள், பில்லைப் பெட்டியோடு வையுங்கள். பத்தாவது மாசம் அணைந்த பல்பைக் கொண்டுபோகும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அந்தத் திகதியைத்தான்.