படம் ஏறவில்லை, காசு போய்விட்டது: நுழைவுப் பரீட்சை விண்ணப்பத்தில் சிக்கும் இடங்கள்

விண்ணப்பத்தைத் திறக்குமுன் அறிவித்தலில் மூன்று இடங்களைக் கோடிட்டு வையுங்கள்: படத்தின் அளவு, பரீட்சை நகரங்கள், கட்டணம் செலுத்தும் வழிகள். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே அடியுங்கள்.

படமும் கையொப்பமும்

3.5 × 4.5 செ.மீ., 50 கேபிக்குள், ஜேபெக் என்று கேட்டிருக்கிறார்கள் என வைப்போம். கணினிக்குப் பிக்சல்தான் தெரியும். 300 டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல். ஓர் அங்குலம் 2.54 செ.மீ., ஆகவே 3.5ஐ 2.54ஆல் வகுத்து 300ஆல் பெருக்குங்கள்: 413. அப்படியே 4.5க்கு 531. முதலில் 7க்கு 9 என்ற விகிதத்தில் படத்தை வெட்டி, பிறகு 413 × 531 ஆகச் சுருக்குங்கள். வெட்டாமல் சுருக்கினால் முகம் சப்பிப்போகும். அப்போதும் 50 கேபியைத் தாண்டினால் தரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சேமியுங்கள்.

ஐபோன் படம் பெரும்பாலும் HEIC வகை. கோப்பின் பெயரில் .jpg என்று மாற்றி எழுதுவதால் அது ஜேபெக் ஆகாது, மாற்றிச் சேமிக்க வேண்டும்.

கையொப்பத்துக்குக் கோடில்லாத வெள்ளைத் தாள், கறுப்புப் பேனை. நிழல் விழாமல் நேர் மேலிருந்து எடுத்து, மையை ஒட்டி வெட்டுங்கள். முழுத் தாளையும் ஏற்றினால் கையொப்பம் எறும்பளவில்தான் தெரியும்.

நிலையம்

தூரத்தைவிட முதல் பஸ் முக்கியம். ஒட்டுசுட்டானில் இருப்பவர் கிளிநொச்சியைத் தெரிவுசெய்தாலும் வவுனியாவைத் தெரிவுசெய்தாலும், மாங்குளம் வழியாகப் போவதானால் அங்கே ஏ9 வீதிக்கு ஏறவேண்டும். அங்கே ஒரு பஸ் தவறினால் காலைப் பரீட்சை போச்சு. முதல்நாள் இரவு தங்க வீடு இருக்கும் நகரத்தைப் போடுங்கள்.

கட்டணம்

அப்பாவின் கார்ட்டில் கட்டுவதானால் ஓடிபி அவர் வங்கியில் கொடுத்த இலக்கத்துக்கே வரும். அவர் வயலில் நிற்கும்போது தொடங்காதீர்கள். கார்ட்டில் இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் முன்பே கேளுங்கள்.

காசு கழிந்து, விண்ணப்பம் மட்டும் 'செலுத்தப்படவில்லை' என்று நின்றால், பெரும்பாலும் வங்கி காசை எடுத்த பின் அந்தச் செய்தி விண்ணப்பத் தளத்துக்குத் திரும்பும் வழியில் அறுந்திருக்கும். சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில் இது சகஜம். உடனே மறுபடி கட்டினால் இரண்டு தரம் கழியலாம். இப்படிச் செய்யுங்கள்:

1. வங்கியின் குறுஞ்செய்தியைப் பாருங்கள். கழிந்ததாக இல்லை, கணக்கு மீதியும் குறையவில்லை என்றால் மறுபடி கட்டலாம்.
2. கழிந்திருந்தால் அதே விண்ணப்ப இலக்கத்தோடு மீண்டும் உள்நுழைந்து நிலையைப் பாருங்கள். புது விண்ணப்பம் தொடங்க வேண்டாம்.
3. சில மணிநேரம் கழித்தும் மாறவில்லையானால் திகதி, நேரம், தொகை, கொடுக்கல்வாங்கல் இலக்கம் நான்கையும் எழுதிக்கொண்டு, அறிவித்தலில் உள்ள தொலைபேசிக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள்.

முடிவுத் திகதி நாளைக்கு என்றால் காத்திருக்க நேரமில்லை. அறிவித்தல் தபாலகத்திலோ வங்கிக் கிளையிலோ கட்ட அனுமதித்தால் அங்கே கட்டிப் பற்றுச்சீட்டை வாங்குங்கள், முதல் தொகையைப் பிறகு கேட்கலாம். ஆனால் தளம் நள்ளிரவுவரை திறந்திருந்தாலும் தபாலகக் கவுண்டர் பின்னேரமே மூடிவிடும்.